180 நாளில் பணம் போகாத பில்லும் திரும்ப எடுக்கும் ஐடிசியும்

கோவையில் சிறு இன்ஜினியரிங் யூனிட்டுகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துவருகிறேன். பம்ப்செட் பாகங்கள் கடைசல் செய்யும் ஒருவரிடம், வார்ப்படம் வாங்கிய பில் ஒன்றுக்கு எடுத்த வரி வரவை இந்த மாத ரிட்டர்னில் திருப்பிக் கட்டவேண்டும் என்று சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். "ஏனுங்க, பவுண்டரிக்காரரு அந்த பில்லுக்கு வரியை அப்பவே கட்டிட்டாரு. இப்ப நானும் கட்டுனா ஒரே சரக்குக்கு கவர்மென்ட்டுக்கு ரெண்டு தடவை போகுதுங்களே?"

நியாயமான கேள்வி. ஆமாம், கொஞ்ச காலத்துக்கு ரெண்டு தடவைதான் போகிறது. நீங்கள் பாக்கியைத் தீர்க்கும் நாள் வரை.

ஜிஎஸ்டி சட்டத்தின் 16(2) பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சரக்கோ சேவையோ வாங்கி, அதன் வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது ஐடிசியாக எடுத்துக்கொண்ட ஒருவர், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்கு சரக்கின் விலையையும் அதன் வரியையும் சேர்த்துக் கொடுத்துவிடவேண்டும். கொடுக்கவில்லை என்றால் எடுத்த ஐடிசியை வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டும். அப்புறம் என்றைக்குப் பணம் கொடுக்கிறாரோ அன்றைக்கு அந்த ஐடிசியை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இதைச் செய்யும் முறையைச் சொல்வது விதி 37. இந்த யோசனை ஜிஎஸ்டியோடு பிறந்ததும் இல்லை. சேவை வரி காலத்தில் சென்வாட் விதிகளில் சேவைகளுக்கு இதே நிபந்தனை இருந்தது, அப்போது கெடு மூன்றே மாதம்.

ஏன் இப்படி? ஐடிசி என்பது நீங்கள் சப்ளையருக்குக் கொடுத்த வரியை உங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்வது. கையைவிட்டுப் போகாத பணத்துக்குக் கழிவு எடுத்துக்கொண்டு உட்காரக்கூடாது என்பது ஒரு காரணம். வெறும் பில்லை மட்டும் வாங்கி வைத்து, சரக்கும் இல்லாமல் பணமும் கைமாறாமல் ஐடிசி எடுப்பவர்களைப் பிடிக்க இது ஒரு வடிகட்டியாகவும் உதவுகிறது. ஆனால் நடைமுறையில் இந்த வடிகட்டியில் அதிகமாக மாட்டுவது பெரிய கம்பெனியிடமிருந்து தனக்கு வரவேண்டிய பணம் வராததால் தன் சப்ளையருக்குக் கொடுக்க முடியாமல் நிற்கும் நேர்மையான சின்ன யூனிட்காரர்தான், இதை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

சரி, பில்லுக்கு வருவோம். எண்களைச் சுலபமாகப் புரியும்படி கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்கிறேன். பில் தேதி 2024 ஏப்ரல் 12. வார்ப்படத்தின் விலை 4,00,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது சிஜிஎஸ்டி 36,000, எஸ்ஜிஎஸ்டி 36,000. மொத்தம் 4,72,000. ஏப்ரல் மாத ரிட்டர்னான GSTR-3Bயை மே 20 அன்று போட்டபோது 72,000 முழுவதையும் ஐடிசியாக எடுத்து, அன்றைக்கே தன் விற்பனை வரிக்குப் பயன்படுத்தியும் விட்டார். ஐடிசி இருப்பைக் காட்டும் கிரெடிட் லெட்ஜரில் மிச்சம் எதுவும் இல்லை. ஜூலையில் பவுண்டரிக்கு 2,36,000 கொடுத்தார். மீதி 2,36,000 நின்றுபோனது.

180 நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சரக்கு வந்த நாளிலிருந்து இல்லை, ஐடிசி எடுத்த மாதத்திலிருந்தும் இல்லை, பில்லில் போட்டிருக்கும் தேதியிலிருந்து. சப்ளையரும் நீங்களும் ஒன்பது மாதக் கடன் என்று எழுத்தில் பேசி வைத்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, கெடுவை நீட்டித்துக் கொடுக்க அந்த நிபந்தனையில் யாருக்கும் அதிகாரம் இல்லை. ஏப்ரல் 12க்கு அப்புறம் 180 நாள் என்றால் அக்டோபர் 9.

அக்டோபர் 9 அன்று கெடு முடிந்தது, எந்த ரிட்டர்னில் திருப்புவது? 180 நாள் முடிந்ததை அடுத்து வரும் வரிக்காலத்தின் GSTR-3Bயில் என்று விதி சொல்கிறது. வார்த்தையை அப்படியே படித்தால் நவம்பர் மாத ரிட்டர்ன், அதைப் போட கடைசி நாள் டிசம்பர் 20. சில ஆடிட்டர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று அக்டோபர் ரிட்டர்னிலேயே திருப்பச் சொல்வார்கள். ஒரு மாதம் முன்னால் திருப்பினால் ஒரு மாத வட்டி மிச்சம், அதனால் முடிந்தால் நானும் அப்படியே சொல்வேன். இவர் டிசம்பர் 20 அன்று நவம்பர் ரிட்டர்னில்தான் திருப்பினார்.

எவ்வளவு திருப்புவது என்பதில் ஒரு சின்ன வரலாறு உண்டு. 2022 அக்டோபர் 1 முதல் விதி 37ஐப் புதிதாக மாற்றி எழுதினார்கள். அதில் பாதிப் பணம் கொடுத்தவர் பாதி ஐடிசியை மட்டும் திருப்பினால் போதும் என்ற வாசகம் விடுபட்டுப் போயிருந்தது, பத்து ரூபாய் பாக்கி இருந்தாலும் முழு ஐடிசியும் போய்விடுமோ என்று ஒரு கலக்கம். அந்த வருடம் டிசம்பர் 26 அன்று வந்த அறிவிக்கை, கொடுக்காத தொகையின் விகிதத்துக்கு மட்டும் திருப்பினால் போதும் என்று அக்டோபர் 1 முதலே செல்லும்படி சரிசெய்தது. ஆகவே இங்கே பாதி பாக்கி, பாதி ஐடிசி, 36,000.

இந்த இடத்தில் நம்ம யூனிட்காரர் ஒரு வாதம் வைத்தார். "நான் கொடுத்த 2,36,000ல 72,000 வரிக்குன்னு வெச்சுக்கங்க, மிச்சம் சரக்கு விலைக்கு. வரியை முழுசா கொடுத்தாச்சுங்களே." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் செல்லாது. விலையும் அதன் வரியும் சேர்ந்த மொத்தத் தொகையைத்தான் சட்டம் பார்க்கிறது. கொடுத்த ஒவ்வொரு ரூபாயிலும் விலையும் வரியும் அதே விகிதத்தில் கலந்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளவேண்டும்.

அடுத்தது வட்டி. மனது கசப்பது இங்கேதான், ஏனென்றால் ஐடிசி திரும்பி வரும், வட்டி வராது. பணம் கொடுத்த பிறகு திரும்ப எடுக்க விதி அனுமதிப்பது ஐடிசியை மட்டும். தவறாக எடுத்துப் பயன்படுத்திய ஐடிசிக்கு 50(3) பிரிவின்படி வருடத்துக்கு 18 சதவீதம், அதை எண்ணும் முறை விதி 88B. லெட்ஜரில் இருந்து அந்த வரவை என்றைக்குப் பயன்படுத்தினீர்களோ அன்றிலிருந்து, திருப்பிய நாள் வரை. இவர் மே 20 அன்றே பயன்படுத்திவிட்டார், டிசம்பர் 20 அன்று திருப்பினார், ஆக 214 நாள். 36,000க்கு 18 சதவீதம் என்றால் வருடத்துக்கு 6,480, அதில் 365க்கு 214 பங்கு, ஏறக்குறைய 3,799 ரூபாய். 180 நாள் முடிந்த பிறகுதான் வட்டி ஓடும் என்று நினைத்து அக்டோபர் 9லிருந்து போட்டிருந்தால் 1,300 ரூபாய்கூட வராது, நோட்டீஸ் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். இந்த வட்டியை ஐடிசியைக் கொண்டு கட்ட முடியாது, கேஷ் லெட்ஜரில் பணம் போட்டுத்தான் கட்டவேண்டும். போர்ட்டல் இதைத் தானாகக் கணக்கிட்டுத் தராது என்பதையும் நினைவில் வையுங்கள், நாமே கணக்குப் போட்டு 3Bயின் 5.1 அட்டவணையில் எழுதவேண்டும்.

அப்படியென்றால் லெட்ஜரில் எப்போதும் பெரிய இருப்பு வைத்திருப்பவருக்கு? உதாரணமாக ஏற்றுமதி செய்பவர், அவருக்கு ஐடிசி தேங்கிக் கிடக்கும். இருப்பு ஒரு நாளும் இந்த 36,000க்குக் கீழே போகவில்லை என்றால் அதைப் பயன்படுத்தவே இல்லை, எனவே வட்டி இல்லை என்பது 50(3)ஐ வைத்து நாம் சொல்லும் வாதம், எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் இங்கே எடுத்தபோது ஐடிசி தவறானதாக இல்லையே, பிற்பாடு பணம் கொடுக்காததால்தானே திருப்புகிறோம், அதனால் 50(3) பொருந்தாது, தாமதமாகக் கட்டும் வரிக்கான 50(1) தான் என்று மறுபக்கம் வாதாட இடம் இருக்கிறது. ஆகவே லெட்ஜரின் மாதவாரி இருப்பைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு பேசுவதே பாதுகாப்பு.

வட்டிக்குப் பயந்து சிலர் வேறு வழியில் போகிறார்கள், அதில் பெரிய நஷ்டம் இருக்கிறது. பணம் எப்போது கொடுப்போம் என்று தெரியாத பில்லுக்கு ஐடிசியே எடுக்காமல் தள்ளிவைப்பார்கள், கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று. என்னிடம் வந்த ஒரு கணக்கில் முன்பு பார்த்தவர் மூன்று பில்லை இப்படியே நிறுத்திவைத்திருந்தார், நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் ஒரு பில்லுக்கு முதல்முறை ஐடிசி எடுக்க 16(4) பிரிவில் கெடு இருக்கிறது: அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது வருடாந்திர ரிட்டர்ன் போட்ட நாள், எது முந்தியோ அது. அதைத் தாண்டினால் வரவு போனது போனதுதான். மாறாக, முதலில் எடுத்து, பிறகு விதிப்படி திருப்பி, பணம் கொடுத்ததும் மறுபடி எடுப்பதற்கு இந்தக் கெடு கிடையாது, விதி 37(4) அதைத் தெளிவாகச் சொல்கிறது. அதனால் சந்தேகமான பில்லாக இருந்தால் எடுத்த ரிட்டர்னிலேயே கூடத் தற்காலிகமாகத் திருப்பிக் காட்டிவிடலாம், வட்டியும் ஓடாது, உரிமையும் சாகாது. எடுக்காமல் மட்டும் விடாதீர்கள்.

திருப்புவதை 3Bயின் 4ஆம் அட்டவணையில் எங்கே எழுதுவது என்பது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பிற்பாடு தகராறு வருவது பெரும்பாலும் இதில்தான். திரும்ப எடுக்க வாய்ப்பே இல்லாதவற்றுக்கு 4(B)(1), பின்னால் எடுக்கக்கூடியவற்றுக்கு 4(B)(2). 180 நாள் விவகாரம் 4(B)(2)இல்தான் வரவேண்டும், சிஜிஎஸ்டி 18,000, எஸ்ஜிஎஸ்டி 18,000 என்று. 2022 ஜூலையில் வந்த 170ஆம் எண் சுற்றறிக்கை இந்தப் பிரிவினையை விளக்குகிறது. கைதவறி 4(B)(1)இல் போட்டால், போர்ட்டல் பார்வையில் அது நீங்கள் நிரந்தரமாகக் கைவிட்ட வரவு.

2023 ஆகஸ்ட் மாத ரிட்டர்னிலிருந்து போர்ட்டலில் இதற்கென்று தனியாக ஒரு கணக்கே ஓடுகிறது, திருப்பிய, மீண்டும் எடுத்த ஐடிசிக்கான ஸ்டேட்மென்ட். 4(B)(2)இல் எழுதுவதெல்லாம் அதில் வரவாகச் சேரும், நீங்கள் திரும்ப எடுப்பது அதிலிருந்து கழியும். பாஸ்புக் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இருப்பை மீறி எடுக்கப் போனால் போர்ட்டல் எச்சரிக்கும். அந்த ஆகஸ்டுக்கு முன்னால் திருப்பி வைத்தவற்றை ஆரம்ப இருப்பாகச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்கள், நிறையப் பேர் அது எதற்கு என்று புரியாமல் காலியாக விட்டுவிட்டார்கள். பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு ஐடிசியைத் திரும்ப எடுக்கப் போனபோது இருப்பே இல்லை என்று காட்டியது.

இனி நம்ம பில்லின் மீதிக் கதை. 2025 பிப்ரவரியில் யூனிட்காரர் 1,18,000 கொடுத்தார், பாக்கியில் சரிபாதி. அந்த மாத ரிட்டர்னில் திருப்பியதில் பாதியான 18,000ஐ மறுபடி எடுத்தோம். பாக்கி முழுவதும் தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கொடுத்த அளவுக்கு எடுக்கலாம். எடுக்கும்போது இரண்டு இடத்தில் எழுதவேண்டும், 4(A)(5)இல் மாதத்தின் வழக்கமான ஐடிசியோடு இந்த 18,000ஐக் கூட்டவேண்டும், அதோடு 4(D)(1)இல் இதை மட்டும் தனியாகக் காட்டவேண்டும். 4(A)(5)இல் தானாக வந்து உட்காரும் எண், சப்ளையர்கள் காட்டிய பில்களின் மாதப் பட்டியலான GSTR-2Bயிலிருந்து வருவது, பழைய பில் இந்த மாத 2Bயில் இருக்காது, எனவே கையால் கூட்டாவிட்டால் பணம் கொடுத்தும் வரவு வராது. 4(D)(1)ஐ விட்டுவிட்டால் 2Bயைவிட அதிகமாக எடுத்தது ஏன் என்று கேள்வி வரும்போது பதில் சொல்ல ரிட்டர்னில் தடயம் இருக்காது.

கடைசி 1,18,000ஐ 2026 ஜனவரியில் கொடுத்தார். 2024-25 நிதியாண்டு பில்லுக்கான 16(4) கெடு 2025 நவம்பர் 30லேயே முடிந்துவிட்டது. பவுண்டரியில் இருந்த கணக்கர், "இனிமே உங்களுக்கு ஐடிசி வராதுங்க சார்" என்று போனில் சொல்லி இவரைப் பயமுறுத்திவிட்டார். வரும். மேலே சொன்ன 37(4)இன் பலன் அது. ஜனவரி ரிட்டர்னில் மீதி 18,000 வந்துசேர்ந்தது, ஸ்டேட்மென்ட் இருப்பு பூஜ்யமானது.

இந்த ஒரு பில்லைப் பின்தொடர்வது சுலபம். வருடத்துக்கு அறுநூறு பில் வரும் இடத்தில் சிக்கலே வேறு. யூனிட்காரர்கள் பில் பில்லாகப் பணம் கொடுப்பதில்லை, "இந்தா ஒரு லட்சம் வெச்சுக்க" என்று மொத்தமாக அனுப்புகிறார்கள், கணக்கில் அதை ஆன் அக்கவுண்ட் என்று போட்டுவிடுகிறோம். எந்த பில்லுக்குப் போன பணம் அது என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஆறு மாதத்துக்குப் பிறகு பழைய பில்லுக்கா புதிய பில்லுக்கா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நான் செய்வது, பணம் அனுப்பிய அன்றைக்கே சப்ளையருக்கு எந்தெந்த பில்லுக்கு என்று ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பச் சொல்வேன், பழைய பில்லில் தொடங்கி. அதே வரிசையில் கணக்கிலும் பில்வாரியாகக் கழிப்போம். அப்புறம் மாதம் ஒருமுறை 150 நாள் தாண்டிய பில்களை மட்டும் தனியாக எடுத்து முதலாளி மேசையில் வைப்பேன், இன்னும் முப்பது நாள் இருக்கும்போது சொன்னால்தான் பணத்தைப் புரட்ட முடியும்.

பாக்கி இருப்பதாகத் தோன்றி உண்மையில் பாக்கி இல்லாதவையும் உண்டு. பிடித்த வருமான வரி டிடிஎஸ் சப்ளையர் பெயரில் அரசுக்குப் போன பணம், அதைக் கொடுத்ததாகவே கொள்ளலாம். சரக்கு மோசமாக இருந்து சப்ளையர் ஜிஎஸ்டியோடு கிரெடிட் நோட் கொடுத்திருந்தால் அந்த அளவுக்கு ஐடிசி அதன் வழியாகவே குறைந்துவிடும், மறுபடி 37இல் திருப்பினால் இரண்டு முறை கட்டியதாகும். சப்ளையர் உங்களிடம் வாங்கிய சரக்குக்குத் தரவேண்டிய பணத்தோடு உங்கள் பாக்கியை நேர்செய்தால் என்ன? 2019இல் மேற்கு வங்க முன்தீர்ப்பு ஆணையம் கணக்குப் புத்தகத்தில் நேர்செய்வதும் பணம் கொடுத்ததற்குச் சமம் என்றது. முன்தீர்ப்பு கேட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்றாலும் வாதத்துக்கு உதவும். ரிவர்ஸ் சார்ஜில் நீங்களே வரி கட்டியவற்றுக்கு இந்த நிபந்தனையே இல்லை. பின் தேதியிட்ட காசோலையை மட்டும் நம்பாதீர்கள், கொடுத்த தேதி அக்டோபர் 5, மாறிய தேதி அக்டோபர் 25 என்றால் அதை 180 நாளுக்குள் கொடுத்ததாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கட்டுமான வேலைகளில் பில்லில் 5 சதவீதம் பிடித்துவைத்து ஒரு வருடம் கழித்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அந்தத் தொகைக்கும் விதியில் விலக்கு இல்லை. பில் முழுத் தொகைக்கு வந்திருந்தால் பிடித்த விகிதத்துக்கு ஐடிசியைத் திருப்பத்தான் வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போதே பார்த்துச் செய்யவேண்டிய வேலை அது.

திருப்பாமல் விட்டால் எப்படித் தெரியப்போகிறது என்று கேட்பவர்களுக்கு: பேலன்ஸ் ஷீட்டில் சப்ளையர்களுக்குத் தரவேண்டிய பாக்கி எவ்வளவு, ஆறு மாதத்துக்கு மேல் எவ்வளவு என்று பார்ப்பது அதிகாரிகளுக்கு முதல் வேலை. பெரிய எண் நின்று, வருடாந்திர ரிட்டர்ன் GSTR-9இல் விதி 37க்கான 7A கட்டம் காலியாக இருந்தால், பில்வாரிப் பட்டியலைக் கேட்டுக் கடிதம் வரும். இரண்டு வருடம் கழித்து வரும் அந்தக் கடிதத்தில் வட்டியும் இரண்டு வருடம் வளர்ந்திருக்கும்.

யூனிட்காரர் கேட்ட கேள்விக்கு இன்னொரு பாதியும் இருக்கிறது. அவர் கடைசிவரை பணம் கொடுக்காமலே போயிருந்தால் என்ன ஆகும்? அவர் திருப்பிய வரி அரசிடமே நிற்கும். பவுண்டரிக்காரர் மே மாதம் தன் கைக்காசில் கட்டிய வரியும் அரசிடமே நிற்கும். வாராக்கடன் ஆகிவிட்டது, கட்டிய வரியைக் கொடுங்கள் என்று கேட்க பவுண்டரிக்காரருக்கு நம் சட்டத்தில் வழி இல்லை. விலை குறைந்தாலோ சரக்கு திரும்பினாலோதான் கிரெடிட் நோட், பணம் வரவில்லை என்பதற்குக் கிடையாது. வாங்கியவரிடம் வரவைத் திருப்பி வாங்கிய பிறகு அந்த வரியை விற்றவருக்காவது விடுவிக்கவேண்டும், அந்த மாற்றம் சட்டத்தில் வராதவரை இந்த ஏற்பாட்டைப் பாதி நியாயம் என்றுதான் நான் சொல்வேன்.